பழைய வேகன்ஆருக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டா போதுமா, இல்ல ஃபுல் இன்சூரன்ஸா?

கப்பலூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வண்டி 2013 வேகன்ஆர், பெட்ரோல், 998 சிசி. ஆர்சி அப்பா பேர்ல. வாங்குன நாள்ல இருந்து ஃபுல் இன்சூரன்ஸ்தான் போட்டுட்டு வர்றோம், இதுவரைக்கும் ஒரு க்ளைம் கூட போனதில்ல. அடுத்த வாரம் முடியுது. ஏஜென்ட் வாட்ஸ்அப்ல ரெண்டு கொட்டேஷன் அனுப்பிருக்காரு. தேர்ட் பார்ட்டி மட்டும்னா 2,825, ஃபுல்லுனா 3,981. ஐடிவி, அதாவது வண்டிக்கு கம்பெனி போடற மதிப்பு, 1,50,000னு போட்டிருக்கு.

வண்டி வாரத்துல ரெண்டு நாள்தான் வெளிய வரும். திருமங்கலம் போய் சாமான் வாங்க, மாசத்துக்கு ஒருக்கா பேரையூர் பக்கம் குலசாமி கோயில், எப்பவாச்சும் மதுரைக்கு ஆஸ்பத்திரி. நாந்தேன் ஓட்டுவேன், அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது, லைசென்சும் கிடையாது. அப்பா அம்மா வீட்டுக்காரி சின்னவன் எல்லாரும் வருவாங்க. மெக்கானிக் அண்ணன் "இந்த டப்பாவுக்கு எதுக்குய்யா ஃபுல்லு, போலீஸ்காரன் கேட்டா காட்ட ஒரு பேப்பர் இருந்தா போதாதா"ங்கறாரு. நீங்க என்ன சொல்றீங்க?

பைபாஸ் மாப்ள

மெக்கானிக் சொல்றது கரெக்ட்டு. 10 வருசம் தாண்டுன வண்டிக்கு ஃபுல்லு போடறது காச கரியாக்கற வேல மாப்ள. பம்பர் ஒடஞ்சா பிளாஸ்டிக்னு பாதிய வெட்டுவாய்ங்க, பானெட் போனா பழசுன்னு பாதிய வெட்டுவாய்ங்க, கடேசில நம்ம கைக்காசுதான் போகும். நான் என்னோட இண்டிகாவுக்கு நாலு வருசமா தேர்ட் பார்ட்டிதான், ஒண்ணும் குடி முழுகிப் போகல. சட்டத்துக்கு வேணுங்கறது அம்புட்டுதேன். அதுவும் இல்லாமப் போனாத்தான் மொத தடவ 2,000 அபராதம், ரெண்டாவது தடவ 4,000.

உசிலை மீனா

எனக்கும் இதே கேள்விதான் அண்ணா. நாங்க 2023ல புதுசா வண்டி எடுத்தோம், ஷோரூம்லயே மூணு வருசத்துக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சுன்னு சொன்னாங்க, அதனால நான் கவலையே படல. போன வருசம் ஆண்டிபட்டி கணவாய்ல இறங்கும்போது ஒரு மாடு குறுக்க வந்து, அத தப்பிக்கப் போயி சாலையோரக் கட்டையில இடிச்சு முன்பக்கம் பூராம் போச்சு. ஒர்க் ஷாப்புல போயி கேட்டா உங்க வண்டிக்கு தேர்ட் பார்ட்டிதான் ஓடிக்கிட்டிருக்கு, வண்டிக்கான கவர் முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சுங்கறாங்க. 62,000 கைல இருந்து கட்டுனோம். மூணு வருசம்னு சொல்லித்தானே காசு வாங்குனாங்க? இதுக்கு எங்க புகார் பண்றது?

ரிட்டயர்டு சர்வேயர்

மீனா, நீ கேக்கறது தம்பி கேட்டது இல்ல, இருந்தாலும் சொல்லிடறேன், ஏன்னா இதுல விழுந்தவங்க ஊர்ல நெறையப் பேர் இருக்காங்க. 2018 செப்டம்பர்ல இருந்து புதுக் காருக்கு தேர்ட் பார்ட்டிய மூணு வருசத்துக்கு சேத்துத்தான் குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஆனா உன் வண்டிக்கு ஏற்படற சேதத்துக்கான பாகம் பெரும்பாலும் ஒரே வருசந்தான் போடுவாங்க. பாலிசில ரெண்டு தேதி தனித்தனியா அச்சடிச்சிருக்கும், ஒண்ணு ஓன் டேமேஜ்ங்கற வண்டி சேதப் பாகம் முடியற தேதி, இன்னொண்ணு லயபிலிட்டிங்கற தேர்ட் பார்ட்டி பாகம் முடியற தேதி. ஷோரூம்ல வாயால சொன்னத வச்சு புகார் நிக்கறது கஷ்டம்மா. எடுத்துப் பாரு, ரெண்டு தேதியும் அதுல இருக்கும்.

இப்ப கப்பலூர் தம்பிக்கு வர்றேன். 30 வருசம் ஒடஞ்ச வண்டியப் பாத்து கணக்கு எழுதுனவன் நான். மாப்ள சொன்னதுல பாதி சரி. வெட்டுவாங்கங்கறது உண்மை. ஆனா எம்புட்டு வெட்டுவாங்கன்னு அவரு கணக்குப் போட்டுப் பாத்த மாதிரி தெரியல.

உன் கொட்டேஷன் எப்படி வந்துச்சுன்னு மொதல்ல பாப்போம். 1000 சிசி வரைக்கும் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2,094, இது அரசாங்கம் 2022 ஜூன்ல வச்ச ரேட்டு, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே ரேட்டுதான், பேரம் கிடையாது. அதோட ஓனருக்கான ஆக்சிடென்ட் கவர் ஒரு 300 போட்டு, ஜிஎஸ்டி 18 சதவீதம் ஏத்துனா 2,825. சரியா வருதா? ஃபுல்லுக்கும் இதுக்கும் வித்தியாசம் 1,156. அதுல ஜிஎஸ்டிய கழிச்சா வண்டிக்கான பிரீமியம் வெறும் 980. நீ 12 வருசமா க்ளைம் பண்ணாததால அந்த பாகத்துல 50 சதவீதம் போனஸ் கழிச்சிருக்காங்க, இல்லன்னா 1,960 ஆயிருக்கும். ஆக வண்டி பழசாக ஆக ஐடிவி எறங்குது, அதோட சேந்து இந்த பாகமும் எறங்குது. எறங்காம அப்படியே நிக்கறது தேர்ட் பார்ட்டி மட்டும்தான். அதனாலதான் பழைய வண்டிக்கு ரெண்டுக்கும் இடைல வித்தியாசம் இம்புட்டு கம்மியா இருக்கு. புது வண்டிக்காரன் கேட்டா அது வேற கணக்கு.

பைபாஸ் மாப்ள

ஐயா 1,156ம் காசுதானே. அஞ்சு வருசத்துக்கு ஆறாயிரம் ஆச்சு, அதுல ஒரு பம்பரே வாங்கிரலாம். க்ளைம்னு போனா என்ன குடுப்பாங்கன்னு சொல்லுங்க பாப்போம்.

ரிட்டயர்டு சர்வேயர்

சொல்றேன். இதே மாதிரி 10 வருசம் தாண்டுன ஒரு சின்ன கார், முன்னாடி போன டிராக்டர் டிரெய்லர்ல மோதிருச்சுன்னு வச்சுக்குவோம். கட்டை பின்னாடி நீட்டிக்கிட்டு லைட் இல்லாம போற டிரெய்லர் நம்ம பக்கம் ராத்திரிக்கு எத்தனனு உனக்கே தெரியும். பில்லு இப்படி வருது: முன் பம்பர் 3,000, ஹெட்லைட் 2,800, பானெட் 5,200, முன் கண்ணாடி 4,500, லேபர் 4,000, பெயிண்டிங் 6,000. மொத்தம் 25,500.

பம்பரும் லைட்டும் பிளாஸ்டிக், எந்த வயசு வண்டிக்கும் பாதி வெட்டு, அதுல 2,900 போச்சு. பானெட் தகரம், 10 வருசத்துக்கு மேல போன வண்டிக்கு தகரத்துலயும் பாதி, 2,600 போச்சு. கண்ணாடிக்கு வெட்டே கிடையாது, முழுசா 4,500 கெடைக்கும், இது நெறையப் பேருக்கு தெரியாது. லேபர் முழுசா உண்டு. பெயிண்டிங்ல கால்வாசிதான் பெயிண்டு விலைன்னு எடுத்து அதுல பாதி வெட்டு, அதாவது 750. மொத்த வெட்டு 6,250. அதுக்கப்பறம் கட்டாயமா கழிக்கற 1,000. ஆக கம்பெனி தர்றது 18,250, உன் கைல இருந்து 7,250.

மாப்ள சொன்னது பம்பர் மட்டும் ஒடஞ்சா சரி. 3,000 ரூபா பம்பருக்கு 1,500 வெட்டி 1,000 கழிச்சா பார்ட்ஸ் கணக்குல 500தான் மிஞ்சும், மேல பெயிண்டுக்கும் லேபருக்கும் கொஞ்சம் வரும். அதுக்கு க்ளைம் போட்டா 50 சதவீத போனஸ் பூஜ்யத்துக்கு வந்துரும், திரும்ப 20, 25, 35, 45ன்னு ஏறி 50க்கு வர அஞ்சு வருசம் ஆகும். உன் பிரீமியத்துல அந்த நஷ்டம் மொத்தமா ஏறத்தாழ 2,900. அதனால சின்னக் கீறலுக்கு க்ளைம் போடாத, கைக்காசு போட்டு முடி. பெருசா அடிபட்டா, திருடு போனா, வேப்பமரக் கெளை விழுந்து கூரை சப்பையானா, அதுக்குத்தான் இது.

செல்லூர் வாசு

திருட்டு, மரம் எல்லாம் சரிங்கய்யா, தண்ணிய விட்டுட்டீங்க. 2024 அக்டோபர்ல மதுரையில கொட்டுச்சே ஒரு மழை, எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. என் வண்டி வீட்டு வாசல்ல நின்னது, டேஷ்போர்டு வரைக்கும் உள்ள போயிருச்சு. நான் ஃபுல்லுதான் போட்டிருந்தேன், தைரியமா இருந்தேன். மறுநாள் தண்ணி வடிஞ்சதும் ஓடுதான்னு பாக்கலாமேன்னு சாவியத் திருப்புனேன், கடக்னு ஒரு சத்தம், அம்புட்டுதேன். சீட்டு, தரைவிரிப்பு, வயரிங் எல்லாத்துக்கும் காசு குடுத்தாங்க, இஞ்சினுக்கு மட்டும் முடியாதுன்னுட்டாங்க. நீங்க ஸ்டார்ட் பண்ணதாலதான் கனெக்டிங் ராடு வளஞ்சுச்சு, அது மழையால வந்த சேதம் இல்லையாம்.

ரிட்டயர்டு சர்வேயர்

அது கம்பெனி சொன்னது பாலிசிப்படி தப்பு இல்ல தம்பி, எனக்கே சொல்ல சங்கடமா இருந்தாலும். சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்கும்போது பிஸ்டன் மேல வந்தா காத்த அமுக்கற மாதிரி தண்ணிய அமுக்க முடியாது, ராடுதான் வளையும். தண்ணி ஏறுனதுக்கு காசு உண்டு, அதுக்கப்பறம் நாம பண்ணதுக்கு இல்ல. இஞ்சினுக்குன்னு தனியா ஒரு கவர் சேத்துக்கலாம், ஆனா இம்புட்டு பழைய வண்டிக்கு பெரும்பாலும் தரமாட்டாங்க. கர்டர் பாலத்துக்கு அடில மழை நேரத்துல வண்டிய விடறவங்க எல்லாரும் இத மனசுல வையுங்க. தண்ணிக்குள்ள ஆஃப் ஆனா திரும்ப ஸ்டார்ட் பண்ணாத, தள்ளிட்டு வா.

எம்சிஓபி குமாஸ்தா

இவ்வளவு நேரம் எல்லாரும் தகரத்தையும் பிளாஸ்டிக்கையும் பத்தியே பேசிக்கிட்டிருக்கீங்க. நான் மதுரை கோர்ட்டுல ஒரு வக்கீல்கிட்ட 16 வருசமா இருக்கேன், எங்க மேசை பூராம் விபத்து நஷ்டஈடு கட்டுதான். கப்பலூர் தம்பி, நீ எழுதுனதுல எனக்கு கண்ணுல பட்டது ஐடிவி இல்ல, "அம்மா, வீட்டுக்காரி, சின்னவன் எல்லாரும் வருவாங்க"ங்கற வரிதான்.

தேர்ட் பார்ட்டின்னா வெளில இருக்கறவங்க. நீ இடிச்ச டூவீலர்காரர், ரோட்டுல நடந்து போற ஆத்தா, எதுத்தாப்ல வந்த ஆட்டோல இருக்கறவங்க. அவங்க செத்தாலோ காயம்பட்டாலோ தீர்ப்பாயம் எவ்வளவு போட்டாலும் கம்பெனிதான் கட்டணும், அதுக்கு உச்சவரம்பு கிடையாது. அவங்க பொருள் சேதத்துக்கு மட்டும் ஏழரை லட்சம்னு வரம்பு. இந்த பாகம் ரெண்டு பாலிசிலயும் ஒண்ணுதான், அதுல மாத்தமே இல்ல.

ஆனா உன் வண்டிக்குள்ள ஒக்காந்திருக்கறவங்க? லயபிலிட்டி மட்டும் போட்ட சொந்தக் கார்ல சும்மா ஏறி வர்ற சொந்தக்காரங்க, சிநேகிதங்க யாரும் தேர்ட் பார்ட்டி கணக்குல வரமாட்டாங்க. ஃபுல்லுன்னு நாம சொல்ற பேக்கேஜ் பாலிசில வண்டிக்குள்ள இருக்கறவங்களையும் சேத்துத்தான் வாசகமே எழுதியிருக்கும். 2009ல இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏவும் இத தெளிவா சொல்லிருச்சு, சுப்ரீம் கோர்ட்டும் பாலகிருஷ்ணன்ங்கறவர் கேஸ்ல 2012ல இதே வித்தியாசத்தத்தான் சொல்லிச்சு.

எங்க ஆபிசுக்கு வந்த ஒரு கட்டு சொல்றேன், ஊரு பேரு வேணாம். கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த கார், நத்தம் ரோட்டுல ராத்திரி டயர் வெடிச்சு பள்ளத்துல உருண்டுருச்சு. வேற வண்டியே சம்பந்தப்படல. உள்ள இருந்த மச்சினனுக்கு முதுகெலும்பு போச்சு, முப்பது வயசுதான். பாலிசி எடுத்துப் பாத்தா லயபிலிட்டி ஒன்லி. கம்பெனி வக்கீல் மொத வாய்தாவுலயே இவரு தேர்ட் பார்ட்டி இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாரு, அது கடைசி வரைக்கும் நின்னுச்சு. தீர்ப்பு வந்தது கார் ஓனர் மேல, அதாவது அவரு சொந்த அக்கா புருசன் மேல. அந்தக் காச வசூலிக்க நிறைவேத்தற மனு போடணுமா வேணாமான்னு அந்த வீட்டுல நடந்த சண்டைய நான் பக்கத்துல இருந்து பாத்தேன். ஆயிரமோ ரெண்டாயிரமோ மிச்சம் புடிச்ச வருசம் அது.

கப்பலூர்க்காரன்

அண்ணே இத படிச்சதும் வயித்தக் கலக்கிருச்சு. இது எந்த ஏஜென்டும் சொல்லலையே. இதுக்கு சட்டமே கட்டாயம் பண்ணிருக்கலாம்ல?

எம்சிஓபி குமாஸ்தா

பண்ணப் பாத்தாங்க. 2021 ஆகஸ்ட்ல மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஈரோடு பக்கத்து கேஸ் ஒண்ணுல இதே பிரச்சினதான் வந்துச்சு, வண்டிக்குள்ள இருந்தவருக்கு தீர்ப்பாயம் குடுத்த நஷ்டஈடு நிக்கல, பாலிசி அந்த மாதிரி. அப்ப நீதிபதி இனிமே விக்கற புது வண்டிக்கெல்லாம் அஞ்சு வருசத்துக்கு பம்பர் டு பம்பர், அதாவது வண்டிக்கும் உள்ள இருக்கறவங்களுக்கும் சேத்து முழுக் கவர், கட்டாயம்னு உத்தரவு போட்டாரு. பேப்பர்ல பூராம் வந்துச்சு, ஞாபகம் இருக்கும். அடுத்த மாசமே அத திரும்ப எடுத்துக்கிட்டாங்க, நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு. அதனால இன்னிக்கும் நாமதான் பாத்து எடுக்கணும்.

ஒத்தக்கடை ரவி

நானும் அந்த பம்பர் டு பம்பர் ஆர்டர் இன்னும் இருக்குன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன். சரி இதுக்கு பதில் சொல்லுங்க, தேர்ட் பார்ட்டி மட்டும் வச்சிருக்கேன், நான் சிக்னல்ல நிக்கறேன், பின்னாடி ஒருத்தன் வந்து சொருவறான். தப்பு அவன் மேல. அப்ப அவன் தேர்ட் பார்ட்டில நான் வாங்கிக்கலாம்ல, நான் எதுக்கு ஃபுல்லு போடணும்?

எம்சிஓபி குமாஸ்தா

வாங்கலாம். எப்ஐஆர் போடணும், போட்டோ எடுக்கணும், பில்லு வச்சிருக்கணும், ஆறு மாசத்துக்குள்ள தீர்ப்பாயத்துல மனு போடணும், அவன் மேலதான் தப்புன்னு நாம நிரூபிக்கணும். 25,000 ரூபா பில்லுக்கு எத்தன வாய்தா நடப்பீங்க? அவன்கிட்ட இன்சூரன்சே இல்லைன்னா அவன புடிச்சுத்தான் வாங்கணும். அதனாலதான் ஊர்ல பத்துக்கு ஒம்பது பேரு மாட்டுத்தாவணி ரோட்டு ஓரத்துலயே நின்னு சத்தம் போட்டு ரெண்டாயிரம் மூவாயிரம் வாங்கிட்டு போயிடறாங்க. பேக்கேஜ் வச்சிருக்கறவன் தன் கம்பெனில வாங்கிக்கிறான், மத்தத கம்பெனி பாத்துக்கும்.

டிபோர்டு பாண்டி

என் வண்டி டி போர்டு டிசையரு. எனக்கு இதுல எது பொருந்தும்? சவாரி ஏத்துறேன்ல.

ரிட்டயர்டு சர்வேயர்

பாண்டி, உனக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வாடகை வண்டிக்கு ரேட்டு வேற, பயணிங்களுக்குன்னு தலைக்கு இவ்வளவுன்னு தனியா வாங்குவாங்க. நீ தனியா ஒரு இழை போடு, அங்க பேசுவோம். இங்க கலந்தா தம்பிக்கு கொழப்பம்.

கப்பலூர்க்காரன்

ஐயா வாடகைன்னதும் ஒரு டவுட்டு. நாங்க சபரிமலைக்கு என் வண்டிலதான் போவோம், நாலு பேரு, பெட்ரோல் செலவு பிரிச்சுக்குவோம். இது வாடகையா ஆயிருமா?

எம்சிஓபி குமாஸ்தா

கூலிக்கோ வாடகைக்கோ ஏத்துனா பேக்கேஜ்லயும் உள்ள இருக்கறவங்களுக்கு கவர் கிடையாதுன்னு எழுதியிருக்கு. செலவ பங்கு போடறது வாடகை இல்லைன்னுதான் நான் சொல்லுவேன், எங்க வக்கீலும் அப்படித்தான் வாதாடுவாரு. ஆனா கம்பெனி வக்கீல் சும்மா இருக்கமாட்டாரு, ஆளுக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னு சாட்சிக் கூண்டுல கேப்பாரு. ஜிபேல "கார் வாடகை"ன்னு எழுதி அனுப்பாதீங்க, அம்புட்டுதான் இப்ப சொல்ல முடியும்.

ரிட்டயர்டு சர்வேயர்

தம்பி இன்னொண்ணு. ஆர்சி அப்பா பேர்ல, அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லன்னு சொன்ன. கொட்டேஷன்ல ஓனருக்கான 15 லட்சம் ஆக்சிடென்ட் கவர் போட்டிருக்காங்கல்ல, அது ஆர்சிலயும் பாலிசிலயும் பேர் இருக்கற ஓனருக்கு, அதுவும் அவருக்கு செல்லுபடியாகற லைசென்ஸ் இருந்தாத்தான். அப்பாவுக்கு லைசென்ஸ் இல்ல, ஓட்டறது நீ, உனக்கு அதுல ஒத்தப் பைசா வராது. 300 ரூபா வருசா வருசம் யாருக்கும் பிரயோசனம் இல்லாம போயிருக்கு. லைசென்ஸ் இல்லன்னு எழுதிக் குடுத்தா அத எடுத்துருவாங்க. அப்ப உனக்கு ஃபுல்லு 3,627 வரும். மிச்சமாகறதுக்கு உன் பேர்ல தனியா ஒரு விபத்து பாலிசி எடுத்துக்க.

கப்பலூர்க்காரன்

அப்ப பேக்கேஜ் போட்டா, நான் ஓட்டும்போது ஏதாச்சும் ஆனா எனக்கும் சேத்து வந்துராதா?

எம்சிஓபி குமாஸ்தா

வராது. தப்பு பண்ணி ஓட்டுனவன் தன் தப்புக்கே நஷ்டஈடு கேக்க முடியாது. ஓனர்கிட்ட இரவல் வாங்கி ஓட்டுனா ஓனர் இடத்துல நீ நிக்கறன்னு கோர்ட்டு சொல்லும். அதே மாதிரி அப்பா பக்கத்து சீட்டுல ஒக்காந்து வந்தாலும் பாலிசி அவரு பேர்ல, அவரே அவர்கிட்ட நஷ்டஈடு கேக்கற மாதிரி ஆகும், அதுவும் நிக்காது. பேக்கேஜால பாதுகாப்பு அம்மா, வீட்டுக்காரி, சின்னவன், கூட வர்ற சிநேகிதங்களுக்கு. அப்பாவுக்கும் உனக்கும் தனி பாலிசிதான் வழி.

உசிலை மீனா

அண்ணா என் கேஸ்ல வண்டி கவர் முடிஞ்சு அஞ்சு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சதுன்னேன்ல, அந்த அஞ்சு மாசத்துல உள்ள இருந்தவங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா? மூணு வருச லயபிலிட்டி ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு.

எம்சிஓபி குமாஸ்தா

நல்ல கேள்விம்மா. மொதல்ல சேத்துப் போட்ட பாலிசில லயபிலிட்டி பாகத்து வாசகம் எப்படி எழுதியிருக்குங்கறதப் பொறுத்தது. வண்டிக்குள்ள இருக்கறவங்கள சேத்து எழுதியிருந்தா நாங்க விடமாட்டோம், கம்பெனியும் சும்மா குடுக்காது. பாலிசிய பாக்காம நான் ஆம்னும் சொல்லமாட்டேன் இல்லைன்னும் சொல்லமாட்டேன்.

ஒத்தக்கடை ரவி

நான் இந்த மாசம் ஒரு செகண்ட் ஹேண்ட் பலேனோ வாங்குறேன், ஃபுல் இன்சூரன்ஸ் ஏழு மாசம் பாக்கி இருக்குன்னு புரோக்கர் சொல்றாரு. அப்ப எனக்கு கவலையில்ல, சரிதானே?

ரிட்டயர்டு சர்வேயர்

கவல இருக்கு. வண்டி கை மாறுனா தேர்ட் பார்ட்டி பாகம் சட்டப்படி தானா உன்கூட வந்துரும். உன் வண்டி சேதத்துக்கான பாகம் வராது. 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதிக் குடுத்து பாலிசிய உன் பேருக்கு மாத்தணும். ஆர்சி மாத்திட்டு பாலிசிய மறந்தவன், ஆர்சி ஒரு பேர்ல பாலிசி ஒரு பேர்ல இருக்கும்போது இடிச்சான்னா, ஃபுல் இன்சூரன்ஸ்னு பேரு மட்டுந்தான் இருக்கும். நான் சர்வேக்குப் போயி, படம் எடுத்து, கணக்கு எழுதி, கடேசில பேரு ஒத்து வரலன்னு ரிப்போர்ட் போட்ட வண்டி எத்தனையோ. பழைய ஓனரோட போனஸும் உனக்கு கிடையாது, அது ஆளோட போறது, வண்டியோட இல்ல. பேரு மாத்தும்போது அந்த வித்தியாசத்த கட்டச் சொல்லுவாங்க, கட்டிரு.

பைபாஸ் மாப்ள

சரிய்யா, உள்ள இருக்கறவங்க கத எனக்கு தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா நான் தனி ஆளுதான், இண்டிகால கடைக்கு சாமான் ஏத்திட்டு காளவாசல் வரைக்கும் போவேன் வருவேன், பக்கத்து சீட்டுல அரிசி மூட்டதான் ஒக்காரும். வண்டிய இன்னிக்கு வித்தா நாப்பதாயிரம் குடுப்பாய்ங்களான்னு சந்தேகம். எனக்கு எதுக்கு?

ரிட்டயர்டு சர்வேயர்

உனக்கு வேணாம். அத நான் அப்பவே ஒத்துக்கிட்டிருப்பேன். நாப்பதாயிரம் வண்டில ரிப்பேர் செலவு ஐடிவில முக்கால்வாசிய தாண்டுனா, அதாவது முப்பதாயிரத்த தாண்டுனா, வண்டி மொத்த நஷ்டம்னு முடிச்சிருவாங்க. முன்பக்கம் கொஞ்சம் அழுந்த அடிச்சாலே அந்தக் கணக்கு தாண்டிரும். கூட யாரும் வர்றதில்லைன்னா தேர்ட் பார்ட்டி போதும். ஆனா நாலு வருசமா விட்டுட்டதால போனஸ் எப்பவோ போச்சு, அது 90 நாள் விட்டாலே போயிரும், நாளைக்கு திரும்ப ஃபுல்லு வேணும்னா வண்டிய பாத்துட்டுத்தான் போடுவாங்க. ஒரே ஒரு நாள் உங்க அக்கா குடும்பத்த ஏத்திக்கிட்டு அழகர்கோயில் போனாலும் அன்னிக்கு நீ சொன்ன கணக்கு மாறிரும், அது உன் இஷ்டம்.

செல்லூர் வாசு

மாப்ள அக்கா குடும்பம் ஏழு பேரு, எப்படியும் ஏத்தமாட்டான் 😄

கப்பலூர்க்காரன்

ஏஜென்ட்கிட்ட பேசிட்டேன். பேக்கேஜே போடுங்க, ஓனர் ஆக்சிடென்ட் கவர மட்டும் எடுத்துருங்க, அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லைன்னேன். "அப்படி எடுக்க முடியாது தம்பி, சிஸ்டம்ல தானா ஏறிக்குது"ங்கறாரு.

ரிட்டயர்டு சர்வேயர்

தானா ஏறாது. லைசென்ஸ் இல்லைங்கற இடத்துல டிக் பண்ணச் சொல்லு, இல்லைன்னா அப்பாகிட்ட ஒரு கடிதம் வாங்கி ஆபிசுக்கே நேரா போ. 

கப்பலூர்க்காரன்

இன்னிக்கு கிளைக்கே போயிட்டேன். கவுன்டர்ல இருந்த அக்கா ஒரு படிவம் குடுத்தாங்க, அப்பா கையெழுத்து வாங்கி குடுத்தேன், 3,627க்கு போட்டுட்டாங்க. பிடிஎஃப் வந்திருக்கு, மேல பேக்கேஜ் பாலிசின்னு தெளிவா இருக்கு. சேசிஸ் நம்பர ஆர்சியோட வச்சு பாத்தா கடைசி எழுத்து ஒண்ணு மாறியிருக்கு, 8க்கு பதிலா பி. போன வருச பாலிசிலயும் அதே தப்புதான் இருக்கு, நான் கவனிக்கவே இல்ல. நாளைக்கு திரும்ப போகணும்.